நான்கு சுருக்கொப்பங்கள்

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீளமான கோடு போட்ட தாள்; இடப்பக்கம் 27 பெயர்கள், வலப்பக்கம் நான்கு நிரல்கள், கடைசியில் கையொப்பத்துக்கான இடம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்தில், எங்கள் அலுவலக நலன்புரிச் சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில், அதை மட்டையில் செருகி மேசை மேசையாகக் கொண்டு திரிந்தவன் நான்தான். பிரியாவிடைப் பரிசுக்குக் காசு சேர்ப்பது எப்படி என்று இப்போதும் யாராவது கேட்டால், அறிவுரை எதுவும் சொல்லாமல் அந்தத் தாளின் 25ஆவது வரிசையைக் காட்டலாமா என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த மாதத்தை இலங்கையின் அரச அலுவலகங்களில் வேலை செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் ஓய்வு வயதை 65 ஆக்குவதாகச் சொன்னார்கள். பிறகு 2022இன் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் அதை மீண்டும் 60 ஆக்கினார்கள். அதனால் 60 வயதைக் கடந்திருந்த அனைவரும் டிசம்பர் 31ஆம் திகதி ஒரே நாளில் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர் என்று பிரியாவிடை செய்து பழகியிருந்த எங்கள் சிறிய அலுவலகத்தில் அந்த முறை நால்வர் சேர்ந்து போனார்கள்.

எங்கள் வழக்கம் எளியது. ஒருவர் ஓய்வுபெற்றால் ஒவ்வொருவரும் ஆயிரம் ரூபா கொடுப்பது. அதைவிடச் சங்கத்தின் யாப்பிலேயே ஒரு நிலையான தொகை எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் வாங்கக்கூடியதாக இருந்த பொருள் எதையும் 2022இல் அந்தக் காசுக்கு வாங்க முடியாது என்பதால் அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. செயற்குழு கூடியது, ஐந்து பேர் இருந்தோம், “வழமைபோல ஆயிரம்” என்று பத்து நிமிடத்தில் முடித்தோம். ஆயிரத்தை நான்கால் பெருக்க வேண்டும் என்பது அந்த ஐவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் ஐவரும் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் மேற்பாதியில் இருப்பவர்கள். தோன்றாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று பிறகு விளங்கியது.

25ஆவது வரிசை

தாளில் பெயர்களை வரவுப் பதிவேட்டில் உள்ள ஒழுங்கிலேயே எழுதியிருந்தேன். பதவிநிலை உத்தியோகத்தர்கள் முதலில், பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், முகாமைத்துவ உதவியாளர்கள், கடைசியில் சாரதியும் அலுவலகப் பணியாளர்களும். தாளும் அந்த ஒழுங்கிலேயே நகர்ந்தது. ஆகவே அது கீழ்ப்பகுதிக்கு வந்து சேரும்போது, மேலே இருபதுக்கு மேற்பட்ட வரிசைகளில் 1,000, 1,000, 1,000, 1,000 என்று நிரம்பியிருந்தது. ஒரு வரிசையில் மட்டும் எங்கள் அலுவலகத் தலைவர் நான்கு இடத்திலும் 3,000 எழுதியிருந்தார்.

மாலையில் தாளை எடுத்துப் பார்த்தபோது 25ஆவது வரிசையில் என் கண் நின்றது. அது எங்கள் மூத்த அலுவலகப் பணியாளருடைய வரிசை. நான்கு நிரல்களிலும் அவர் முதலில் வேறு தொகைகளை எழுதி, அவற்றை வெட்டி, பக்கத்தில் 1,000 என்று எழுதியிருந்தார். காசேட்டில் ஒரு தொகையைத் திருத்தினால் அழிக்கக் கூடாது, பழைய எண் தெரியும்படி ஒரே கோட்டால் வெட்டி, புதியதை எழுதி, அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித்தரப்படும் விதி. அவர் கணக்குக் கிளையில் நீண்ட காலம் இருந்தவர். நான்கு திருத்தங்களுக்கும் நான்கு சுருக்கொப்பங்கள் இட்டிருந்தார். அந்த விதியின்படியே செய்ததால், வெட்டப்பட்ட எண்கள் தெளிவாகத் தெரிந்தன: 1,500, 200, 200, 100.

நான்கையும் கூட்டிப் பார்த்தேன். 2,000 ரூபா. திருத்திய பிறகு 4,000 ரூபா. அவருடைய சம்பள ஏணியின் அடியில் நிற்கும் ஒருவருக்கு அப்போது அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபா, அதோடு 7,800 ரூபா வாழ்க்கைச் செலவுப் படி, அந்த ஆண்டு ஜனவரியில் சேர்ந்த 5,000 ரூபா. எல்லாம் சேர்த்து 37,050. சேவைக்கால ஏற்றங்களால் அவருக்கு இதைவிடச் சற்றுக் கூட வந்திருக்கும், ஆனால் கடன் கழிப்பனவுகளுக்குப் பிறகு கைக்கு வந்தது இதைவிடக் குறைவு என்பது சம்பளப் பட்டியல் தயாரிப்பவர்களுக்குத் தெரியும். 37,050இல் 4,000 என்பது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியிருந்த ஆண்டு அது.

அடுத்த நாள் காலை, தேநீருக்கு முன் அவரைத் தனியாகச் சந்தித்தேன். “அண்ணை, உங்களுக்குக் கஷ்டம் எண்டால் முதல் எழுதினதையே விடுங்கோ” என்றேன். கருணையோடுதான் கேட்டேன் என்று நினைத்திருந்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தம்பி, கஷ்டம் எண்டு நான் சொல்லேல்லை. பெரியையா எனக்கு இரண்டு தரம் கடனுக்குப் பிணை நிண்டவர். அவருக்கு ஆயிரத்தைஞ்ஞூறு குடுக்க வேணும் எண்டு நினைச்சனான். அந்த மற்ற ஆளுக்கு நான் இவ்வளவு வருசத்தில என்ன பேர் எண்டும் தெரியாது. எல்லாருக்கும் ஆயிரம் எண்டால், பெரியையாவுக்குக் குறைச்சு, தெரியாத ஆளுக்குக் கூட்டி எல்லோ குடுத்திருக்கிறன்?”

அவர் ‘பெரியையா’ என்றது எங்கள் பிரதம முகாமைத்துவ உத்தியோகத்தரை. அரச ஊழியர்கள் இடர் கடன் எடுக்கும்போது சக ஊழியர்கள் பிணை நிற்க வேண்டும். கடன் எடுத்தவர் செலுத்தத் தவறினால் பிணை நின்றவருடைய சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். அதனால் கடைநிலை ஊழியருக்குப் பிணை நிற்கப் பலர் தயங்குவார்கள். இரண்டு தரம் நிற்பது சிறிய காரியம் அல்ல.

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் மாறியது. குறைவாகக் கொடுக்க விரும்புகிறவரைப் பற்றி நான் அதுவரை ஒரே விதமாகத்தான் நினைத்திருந்தேன்: ஒன்றில் வசதி இல்லை, அல்லது மனம் இல்லை. வசதி இல்லாதவருக்குச் சலுகை, மனம் இல்லாதவருக்கு ஒரு நினைவூட்டல். ஆனால் அவருடைய நான்கு எண்களில் வசதியும் இருந்தது, மனமும் இருந்தது, அளவும் இருந்தது. தன்னால் இயன்றது 2,000 என்று முதலில் தீர்மானித்து, அதை நால்வருக்கும் அவரவர் தன்னிடம் நடந்துகொண்டபடி பிரித்திருந்தார். எங்கள் ஆயிரம் ரூபா விதி அவரிடமிருந்து இரண்டு மடங்கு காசை எடுத்ததோடு, அவர் நன்றி சொல்ல விரும்பிய மனிதருக்கு 500 ரூபா குறையவும் வைத்தது.

படிநிலைத் தொகை ஏன் ஒத்துவரவில்லை

அன்றே செயற்குழுவை மீண்டும் கூட்டினேன். ஒருவர் உடனே ஒரு தீர்வு சொன்னார்: பதவிக்கேற்ப 2,000, 1,000, 500 என்று மூன்று படி வைப்போம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். ஆனால் பெயர்ப் பட்டியலை வைத்து ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தபோது அது தடுமாறத் தொடங்கியது. 2,000 ரூபாப் படியில் வந்த ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், இருவர் கொழும்பில் தங்கிப் படிக்கிறார்கள், கழிப்பனவுகள் போகச் சம்பளத்தில் பாதிதான் கைக்கு வருகிறது. 500 ரூபாப் படியில் வந்த ஓர் இளைஞர் பெற்றோரோடு இருக்கிறார், தமையன் கனடாவில், வீட்டுச் செலவு எதுவும் அவருடைய பொறுப்பு அல்ல. பதவி சொல்வது சம்பளத்தை மட்டுமே. ஒருவர் எவ்வளவு கொடுக்க இயலும் என்பதைப் பதவி சொல்லாது, அதை அவர் மட்டுமே அறிவார். அதோடு, “இவர் ஐந்நூறு ரூபாக்காரர்” என்று ஒரு மனிதரைப் பட்டியலில் நிறுத்துவது, தாளில் அவர் தானாகக் குறைத்து எழுதுவதைவிடக் கொடியதாக எனக்குப் பட்டது.

குழுவில் மூத்தவர் வேறொரு கோணத்தில் மறுத்தார். கலியாண வீட்டில் கொப்பி வைத்துப் பெயரும் தொகையும் எழுதுகிறோமே, அதில் யாருக்கு வெட்கம், நாலு பேர் பார்க்கக் கொடுப்பதுதானே எங்கள் வழக்கம் என்றார். அந்தக் கேள்வியை நான் பல நாட்கள் சுமந்து திரிந்தேன், ஏனென்றால் அவர் சொன்னது பொய்யல்ல. பிறகுதான் வேறுபாடு பிடிபட்டது. கலியாண வீட்டுக் கொப்பி திருப்பிக் கொடுப்பதற்காக எழுதப்படுவது. இன்று நீங்கள் எனக்கு இவ்வளவு தந்தீர்கள், நாளை உங்கள் மகளின் கலியாணத்துக்கு நான் அதை மறக்காமல் செய்ய வேண்டும் என்பதற்கான நினைவுக் குறிப்பு அது. தொகை தெரியாவிட்டால் அந்த முறையே நடக்காது. பிரியாவிடைக் காசு அப்படித் திரும்பி வருவதில்லை. ஓய்வுபெற்றுப் போகிறவர் திரும்பிக் கொடுக்கப்போவதில்லை. இரண்டு வருடத்தில் இடமாற்றம் பெற்றுப் போகிறவருக்கோ, ஒப்பந்த அடிப்படையில் இருப்பவருக்கோ இதே அலுவலகத்தில் இதே அளவு பிரியாவிடை நடக்கும் என்ற உறுதியும் இல்லை. திரும்பி வராத ஒன்றுக்குக் கணக்குக் கொப்பி வைத்தால், அந்தக் கொப்பியின் வேலை ஒருவரை ஒருவர் பார்க்க வைப்பது மட்டும்தான்.

108 உறைகள்

நாங்கள் கடைசியில் செய்தது இது. அதுவரை சேர்ந்த காசை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். சிலருக்கு அது கோபம், “தந்ததைத் திருப்பித் தாறது என்ன பழக்கம்” என்று ஓர் அக்கா வாங்க மறுத்தார், பிறகு வாங்கினார். பழுப்பு நிறக் கடித உறைகள் 108 வாங்கினோம். ஒருவருக்கு நான்கு, ஒவ்வொன்றிலும் ஓய்வுபெறுபவரின் பெயர் மட்டும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கொடுப்பவரின் பெயர் எங்கும் இல்லை. நான்கு பெரிய பால்மா டின்களின் மூடியில் வெட்டு வைத்து, காசுக்குப் பொறுப்பான சிறாப்பரின் அறையில் வைத்தோம்.

விதி ஒன்றே ஒன்று: நான்கு உறைகளையும் ஒட்டி, நான்கையும் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, எதுவும் இருக்கிறதா என்பது அவரவர் விருப்பம். பலர் இதைத் தவறவிடுவார்கள். உறையை விரும்பியவர் மட்டும் போடலாம் என்று விட்டால், போடாதவர் யார் என்று பெட்டிக்கு அருகில் இருக்கும் எவருக்கும் தெரிந்துவிடும். பிறகு உறையால் பயனில்லை. எல்லோரும் போட்டால் வெறும் உறையும் நிறைந்த உறையும் ஒன்றுபோலவே விழும். அதே காரணத்துக்காக நாணயக் குற்றிகள் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம், ஏனென்றால் விரலுக்குத் தட்டுப்படும், விழும்போது சத்தம் கேட்கும். டிசம்பர் சம்பளம் கைக்கு வந்த பிறகு மேலும் இரண்டு நாட்கள் பெட்டிகளை வைத்திருந்தோம். மாதத்தின் நடுவில் கேட்கப்படும் ஆயிரமும் சம்பளத்துக்கு அடுத்த நாள் கேட்கப்படும் ஆயிரமும் ஒன்றல்ல. வாழ்த்து அட்டைகளை இதிலிருந்து முற்றாகப் பிரித்து, எங்கள் மேசையில் வைக்காமல் வாசலருகே வைத்தோம், யாரும் எதுவும் கொடுக்காமலே கையொப்பமிடட்டும் என்று.

பரிசு என்ன என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. பொருளைத் தீர்மானித்துவிட்டு விலையை ஆட்களால் வகுக்கும் வழக்கமும் உண்டு. தொகை கட்டணமாவது அந்த வகுத்தலில்தான். சுன்னாகத்தில் ஒரு தச்சரிடம் வேம்பில் துணி போட்ட சாய்மனைக் கதிரை விலை கேட்டு வைத்திருந்தோம், ஒன்று 12,500 ரூபா. காசு வந்தால் அதுவென்று மட்டும் பேசி வைத்தோம். நால்வருக்கும் பொருந்தும், மதம் பார்க்காது, வீட்டுக்குப் போனால் அன்றே அமரலாம்.

சிறாப்பரும் நானும், சாட்சியாகக் குழுவில் இல்லாத ஒருவரும் இருந்து பெட்டிகளைத் திறந்தோம். பெரியையாவின் பெட்டியில் 24,300, மற்றவற்றில் 19,600, 16,200, 13,700. மொத்தம் 73,800 ரூபா. வெறும் உறைகள் 11. பழைய விதிப்படி எல்லோரும் ஆயிரம் கொடுத்திருந்தால்கூட 1,08,000 வந்திருக்கும், ஆக 34,200 ரூபா குறைவு.

அந்தக் குறைவை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் அதற்குள் எனக்குப் பிடிக்காத ஓர் உண்மை இருந்தது. குறைந்தது கீழே இருப்பவர்களின் காசு மட்டும் அல்ல. ஓர் உறையிலும் 2,000 ரூபாவுக்கு மேல் இருக்கவில்லை. முதல் தாளில் நான்கு 3,000கள் எழுதப்பட்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். தாள் இருந்தபோது கீழே இருந்தவர்கள் வெட்கத்தால் கூட்டிக் கொடுத்தார்கள் என்றால், மேலே இருந்தவர்கள் மரியாதைக்காகக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மறைவு இருவரையும் விடுவித்துவிட்டது. ஒருவரின் விடுதலையை நான் விரும்பினேன், மற்றவருடையதை எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நான்கு பெட்டிகளில் நான்கு தொகைகள். ஒரே மேடையில் நால்வருக்கும் வெவ்வேறு பெறுமதியான பரிசு கொடுத்தால், 30 வருடம் வேலை செய்த ஒருவரை அவருடைய கடைசி நாளில் சபை நடுவே தராசில் ஏற்றியதாகிவிடும். ஆகவே மிகக் குறைந்த பெட்டியால் வாங்கக்கூடிய பொருளையே நால்வருக்கும் வாங்கினோம். நான்கு சாய்மனைக் கதிரைகள், 50,000 ரூபா. மீதியை அவரவர் பெட்டியின்படி, ஒட்டிய உறையில் வாழ்த்து அட்டைக்குள் வைத்துக் கொடுத்தோம்: 11,800, 7,100, 3,700, 1,200. சபையில் எல்லோரும் கண்டது ஒரே மாதிரியான நான்கு கதிரைகளை. உறைகளை அவர்கள் வீட்டில் திறந்திருப்பார்கள். 1,200 ரூபா இருந்த உறையைப் பற்றி எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. அந்த மனிதர் கடுமையானவர் அல்ல, கடைசி இரண்டு ஆண்டுகள்தான் எங்களோடு இருந்தார், அதனால் அவரை அறிந்தவர்கள் குறைவு, அவ்வளவுதான். இப்போது என்றால், இப்படி ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து போகும்போது மீதியைச் சங்கக் காசால் ஓரளவு சமப்படுத்தியே கொடுப்பேன்.

பிறகு வந்த திருத்தம்

அடுத்த பிரியாவிடையில் ஒன்றை மாற்றினோம். செலவை இரண்டாகப் பிரித்தோம். மாலை, பொன்னாடை, தேநீர், சிற்றுண்டி, கதிரை வாடகை என்று எப்படியும் செலுத்தியே ஆக வேண்டியவை ஒரு பக்கம். அவற்றைப் பதவிநிலை உத்தியோகத்தர்கள் நால்வரும் வெளிப்படையாக, பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். முன்பு 3,000 எழுதியவரைப் போன்றவர்களிடம் மறைவாகக் கொடுங்கள் என்று சொல்வதைவிட, தெரியக் கொடுக்க ஓர் இடம் காட்டியது சரியாக வந்தது. பரிசு மறுபக்கம், அது உறைகளால் மட்டும். விழாச் செலவு பரிசுக் காசைத் தின்னாது என்று தெரிந்ததும் உறைகளும் சற்றுக் கனத்தன.

இப்போது பல இடங்களில் தாள் இல்லை, வட்ஸ்அப் குழு இருக்கிறது. “1. இன்னார் – 1,000” என்று ஒருவர் தொடங்க, அடுத்தவர் அதைப் பிரதி எடுத்துத் தன் பெயரைச் சேர்த்து மீண்டும் போடுவார். தாளையாவது நான் மாலையில் மூடி வைத்தேன். இந்தப் பட்டியல் இரவு பத்து மணிக்கும் ஒருவரின் கையில் ஒளிர்ந்துகொண்டிருக்கும், அதில் தன் பெயர் இன்னும் ஏறவில்லை என்பதை அவர் வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலும் பொருளாளருக்கு ஒவ்வொருவரின் தொகையும் தெரிந்துவிடும். நான் பொருளாளர், எனக்கு அது தெரிய வேண்டிய தேவை இல்லை என்பதை நானே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

அந்த டிசம்பர் இறுதியில், கதிரைகளை வாகனங்களில் ஏற்றி முடித்த மாலையில், மூத்த பணியாளர் என் மேசைக்கு வந்தார். பெட்டிகளைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “தம்பி, எத்தினை உறை வெறுமையா இருந்தது எண்டு எழுதி வைச்சிருக்கிறியளோ?” அறிக்கையில் பதிந்திருப்பதாகச் சொன்னேன், பதினொன்று என்றும் சொல்லப்போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “எனக்கும் முறை வரும். என்ரை பெட்டியில எத்தினை வெறும் உறை எண்டு எனக்குச் சொல்லாதையுங்கோ. போட்டவைக்கும் போடாதவைக்கும் நான் ஒரே மாதிரி முகம் குடுக்க வேணும்.”

அறிக்கையின் அந்த வரியை அன்றே ஒரே கோட்டால் வெட்டிச் சுருக்கொப்பம் இட்டேன். அதற்குப் பிறகு பெட்டி திறக்கும் நாட்களில், சிறாப்பர் உறைகளைக் கிழித்துக் காசை ஒரு பக்கம் வைக்கிறார், நான் உறைகளைப் பார்க்காமல் அள்ளிப் பையில் போட்டுக் கட்டுகிறேன், காசை மட்டும் எண்ணுகிறோம்.